பாத்ரூம் கதவும் நிலையும்: கீழ் ஆறு இன்ச்சைக் காப்பாற்றும் வேலை வரிசை

பாத்ரூம் கதவு மேலிருந்து கெடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நான் கழற்றிப் போட்ட கதவுகளில் பெரும்பாலானவற்றின் மேல்பாதி புதிதுபோலவே இருந்தது. கீழே ஆறு இன்ச் மட்டும் ஊதி, கறுத்து, கரையான் ஏறி, கையால் பிய்த்தால் வரும் நிலைக்குப் போயிருக்கும். நிலைக்காலின் அடியும் அதே கதைதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஆறு இன்ச்சைச் சுற்றியே போகிறது. என்ன பொருள் வாங்குவது என்பதை விட, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதில்தான் புதிதாக வருபவர்கள் சறுக்குகிறார்கள்.

உதாரணத்துக்குக் காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் செய்த வேலையையே எடுத்துக்கொள்கிறேன். படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் ஒன்று, வாசலில் மேற்குப் பார்த்த பாத்ரூம் ஒன்று. இரண்டுக்கும் போர்த் தண்ணீர். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், குளிப்பதும் கழுவுவதும் உப்புத் தண்ணீரில்தான்.

1. எந்த இடத்துக்கு எது என்று முதலில் பிரியுங்கள்

கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்வி. கதவின் மேல் வெயில் நேராக அடிக்குமா? தண்ணீர் நேராகத் தெறிக்குமா, அல்லது ஈரக்காற்று மட்டும்தானா?

டபிள்யூபிசி என்பது பிவிசியும் மரத்தூளும் கலந்து நுரைபோல வார்த்த பலகை. தண்ணீர் குடிக்காது, கரையான் தொடாது, ஆசாரி தன் ரம்பத்தாலேயே அறுக்கலாம். அளவில் கொஞ்சம் பிசகினாலும் இடத்திலேயே சரி செய்யலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. பலவீனம் வெயில். பிவிசி சூட்டில் மரத்தை விட அதிகம் நீளும். 2 மீட்டர் உயரக் கதவு 20 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மி.மீ. நீண்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் நீளும், கதவு வில்போல வளையும். அடர் பிரவுன் நிறம் என்றால் இன்னும் மோசம். அதனால் வீட்டுக்குள் இருக்கும் பாத்ரூமுக்கு டபிள்யூபிசி சரி, மேற்குப் பார்த்த வாசல் பாத்ரூமுக்கு வேண்டாம்.

ஃபைபர் கதவு, அதாவது எஃப்ஆர்பி, கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்த்து அச்சில் வார்த்த தோல். நடுவில் ஃபோம் நிரப்பியிருக்கும். டபிள்யூபிசி, ஃபைபர், மரம் மூன்றிலும் வெயிலையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்குவது இதுதான். ஆனால் இதை அறுக்கக்கூடாது. அறுத்தால் தோல் திறந்து, உள்ளே தண்ணீர் போக வழி கிடைத்துவிடும். அதனால் அளவு சரியாகச் சொல்லி வாங்க வேண்டும். அளவு சொல்லிச் செய்து வாங்க நாள் ஆகும், அவசரக்காரருக்கு இது ஒத்துவராது.

மரம். படுக்கையறைக் கதவோடு ஒத்துப்போக வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள், தப்பில்லை. ஆனால் ‘மருந்து ஏற்றிய மரம்’ என்றால் என்ன மருந்து, எப்படி ஏற்றியது என்று கேட்க வேண்டும். போரான் உப்பில் ஊறவைத்த மரம் கரையானுக்கு நல்லது. ஆனால் அந்த உப்பு தண்ணீரில் கரையக்கூடியது. தினமும் நனையும் இடத்தில், மேலே பெயின்ட் உடைந்தால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போய்விடும். செம்பு கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றிய மரம்தான் ஈரத்தில் நிற்கும். பிரஷ்ஷால் தடவிய மருந்து மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. இன்னொன்று, வைரம் பாய்ந்த பகுதி மருந்தை அவ்வளவாக உறிஞ்சாது. தேக்கு மாதிரி மரத்தில் அந்தப் பகுதி தன் பலத்திலேயே நிற்கும். வெளுத்த பகுதிதான் முதலில் அழுகும். நிலைக்காலின் அடியில் வெளுத்த பகுதி வராமல் பார்த்து அறுக்கச் சொல்லுங்கள்.

காரிமங்கலம் வீட்டில் உள் பாத்ரூமுக்கு டபிள்யூபிசி நிலை, டபிள்யூபிசி கதவு. வாசல் பாத்ரூமுக்கு கிரானைட் நிலை, எஃப்ஆர்பி கதவு. கிரானைட் நிலை நம் பக்கத்துக்காரர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி; கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கல் பட்டறைகளில் சொன்ன அளவுக்கு அறுத்துத் தருவார்கள். ஒரே எச்சரிக்கை: கல்லில் கீல் துளையை மாற்றிப் போட முடியாது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் கல் அறுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். துளையை ஹாமர் இல்லாமல், சுற்றும் ஓட்டத்தில் மட்டும் போட்டு, ஸ்க்ரூவை எபாக்ஸியில் பதிக்க வேண்டும். ஹாமர் போட்டால் ஓரம் சில்லுச் சில்லாக உடையும்.

2. கடையில் தட்டிப் பாருங்கள், எடை போடுங்கள்

நம் ஊரில் ‘ஃபைபர் கதவு’ என்று கேட்டால் பாதிக் கடையில் பிவிசி கதவைத்தான் காட்டுவார்கள். அது உள்ளே குழாய் குழாயாகக் காலியாக இருக்கும் மெல்லிய பலகை. விலை குறைவு, வாடகைக்கு விடும் கழிவறைக்குப் போதும். ஆனால் எஃப்ஆர்பி விலைக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. கதவைச் சாய்த்து அடிவிளிம்பைப் பாருங்கள். குழாய் வாய் வரிசையாகத் தெரிந்தாலோ, ஓரத்தில் ஒரு பட்டை செருகி மூடியிருந்தாலோ அது பிவிசி. எஃப்ஆர்பி என்றால் அடிவிளிம்பும் அதே ரெசின் தோலால் மூடியிருக்கும், எங்கும் ஊசித்துளை இருக்கக்கூடாது. கீலும் தாழ்ப்பாளும் வரும் இடத்தில் உள்ளே கட்டை வைத்திருப்பார்கள். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். கட்டை இல்லாத இடத்தில் ஸ்க்ரூ போட்டால் அது ஃபோமைத்தான் பிடிக்கும், ஆறே மாதத்தில் கதவு தொங்கும்.

டபிள்யூபிசிக்கு எடைதான் சோதனை. கதவுக்கு எடுக்கும் பலகை கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இந்த வேலைக்கு வந்த கதவு 654 மி.மீ. அகலம், 2074 மி.மீ. உயரம், 30 மி.மீ. தடிமன். பெருக்கினால் சுமார் 40,700 கன சென்டிமீட்டர், 0.6 என்றால் இருபத்து நாலரைக் கிலோ வர வேண்டும். தராசில் 18 கிலோ காட்டினால் உள்ளே காற்று அதிகம், ஸ்க்ரூ நிற்காது. கடைக்காரர் தராசு இல்லை என்றால் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து வீட்டில் அளந்து எடை போடுங்கள். அதே துண்டை ஒரு வாளித் தண்ணீரில் கல் வைத்து அமுக்கி இரண்டு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னும் தடிமனைப் பாருங்கள். தண்ணீர் குடிக்கும் மட்டமான பலகை அதில் மாட்டிக்கொள்ளும்.

3. கதவு வாங்கும் முன் முடிந்திருக்க வேண்டியவை

இதில்தான் அதிகம் பேர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பூச்சு வேலை நடக்கும்போதே கதவை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்து, பிறகு டைல்ஸ் போட்டதும் உயரம் இடிக்கிறது என்று அடியை அறுப்பார்கள். அறுக்கக்கூடாத இடம் எது என்று கேட்டால் அந்த அடிதான்.

சரியான வரிசை இது: தரைக்கு வாட்டர்புரூஃப், தரை டைல்ஸ், வாசற்கல், சுவர் டைல்ஸ், அப்புறம்தான் நிலை, கடைசியில் கதவு. டபிள்யூபிசி, எஃப்ஆர்பி நிலைகளைக் கட்டும்போதே பதிக்கத் தேவையில்லை. எல்லாம் காய்ந்த பிறகு ஸ்க்ரூவில் நிறுத்தலாம். மர நிலையை ஹோல்ட்ஃபாஸ்ட் என்ற இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு கட்டுவது வழக்கம். அப்படிச் செய்தால் நிலைக்காலின் அடி தரை டைல்ஸ் மட்டத்துக்கு மேலே முடியும்படி, கீழே செங்கல் துண்டு வைத்து உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். பழைய வழக்கப்படி இரண்டு இன்ச் தரைக்குள் புதைத்தால், வருடம் முழுக்க ஈரக் கான்கிரீட்டில் கால் நனைத்து நிற்பதுபோலத்தான்.

வாசற்கல்லுக்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். 18 முதல் 20 மி.மீ. கிரானைட் துண்டு, சுவரின் முழு அகலத்துக்கும், இரண்டு பக்கமும் நிலைக்காலின் அடிவரை போகும் நீளத்துக்கும். பாத்ரூம் தரையை விட அரை இன்ச்சாவது உயர்ந்து, பாத்ரூம் பக்கம் 2 மி.மீ. சாய்ந்திருக்க வேண்டும். கல் பட்டறையிலேயே ஒரு இன்ச் அகலம், 12 மி.மீ. உயரத்தில் ஒரு பட்டியும் வெட்டி வாங்கி, கதவு மூடும் கோட்டுக்குப் பின்னால், படுக்கையறைப் பக்கமாக, எபாக்ஸியில் ஒட்டிவிடுங்கள். மூடிய கதவின் அடிவிளிம்பு அந்தப் பட்டிக்கு முன்னால் சற்றுத் தாழ்ந்து நிற்கும். கதவுக்கு அடியில் புகும் தண்ணீர் பட்டியில் முட்டிச் சரிவில் திரும்பி உள்ளேயே போய்விடும். ரப்பர், பிரஷ் எல்லாம் வைத்து அடியை அடைப்பதை விட இது நெடுநாள் நிற்கும். நம் உப்புத் தண்ணீரில் ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடுகிறது.

சுவர் ஹாலோ பிளாக் என்றால் இப்போதே கவனியுங்கள். நிலை வரும் ஓரத்துப் பிளாக்குகளின் ஓட்டையில் ஜல்லிக் கான்கிரீட் நிரப்பியிருக்க வேண்டும். காலியான பிளாக்கில் ராவல் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

4. அளவு எடுப்பது

வாசற்கல்லும் டைல்ஸும் முடிந்த பிறகே டேப்பை எடுங்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில். உயரத்தை வாசற்கல்லின் மேலிருந்து இடது, வலது என இரண்டு இடத்தில். எல்லாவற்றிலும் சிறியதே உங்கள் அளவு.

காரிமங்கலத்தில் அகலம் 776, 774, 779 வந்தது. உயரம் 2142, 2140. அதனால் 774, 2140 என்று எடுத்துக்கொண்டோம். நிலைக்கும் சுவருக்கும் பக்கத்துக்கு 6 மி.மீ. விட்டால் நிலையின் வெளி அகலம் 762; மேலே 6 விட்டால் வெளி உயரம் 2134.

இனி கதவு. நிலைச்சட்டம் 63 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் கழித்து உள்வாய் 636. கதவு வந்து உட்காரும் காடி பக்கத்துக்கு 12, ஆக 660. இரண்டு பக்கமும் 3 மி.மீ. சந்து கழித்தால் கதவு அகலம் 654. உயரத்தில் 2134லிருந்து மேல்சட்டம் 63 போய் 2071, காடி 12 சேர்த்து 2083, மேலே 3, கீழே 6 கழித்து 2074. கீழே விட்ட 6 மி.மீ. பட்டியின் 12 மி.மீ.க்குக் குறைவு என்பதால் கதவு பட்டியை 6 மி.மீ. மறைக்கிறது. கணக்கு ஒத்துப்போகிறது.

கதவு முழுக்கத் திறந்தாலும் நடக்கக் கிடைப்பது 636 மி.மீ.யிலும் குறைவு, இருபத்தைந்து இன்ச்சுக்கும் உள்ளே. வாக்கர் பிடித்து நடக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் கட்டும்போதே வாயை மூன்று அடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு இடிப்பது பெரிய செலவு. அதே வீடுகளில் கதவு வெளிப்பக்கம் திறப்பதும் நல்லது. உள்ளே யாராவது விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே தடுத்துவிடும். வெளிப்பக்கம் திறந்தால் மேலே சொன்ன கல்பட்டி கதவுக்கு உட்புறம், பாத்ரூம் பக்கம் வர வேண்டும். கதவின் உள்முகத்தில் வழியும் தண்ணீர் பட்டிக்கு அந்தப் பக்கம் விழும்படி, அடியில் ஒரு சிறு அலுமினியச் சொட்டுப்பட்டியும் வைக்க வேண்டும்.

5. நிலையை நிறுத்துவது

உட்பக்கம் திறக்கும் கதவு என்றால் நிலையின் காடி முகம் பாத்ரூம் டைல்ஸ் மட்டத்துக்கு வர வேண்டும். உள்ளே தள்ளி நிறுத்தினால் கதவு சுவரில் இடித்து 90 டிகிரியோடு நின்றுவிடும்.

நிலையைக் கட்டி முடித்ததும் உள்வாயில் மூன்று குறுக்குக் கட்டை அடித்துவிடுங்கள்: கீழே, நடுவில், மேலே. மூன்றும் துல்லியமாக 636 மி.மீ. இருக்க வேண்டும். இது எதற்கு என்று என்னிடம் வேலை கற்க வந்த பையன் கேட்டான். “அண்ணா, நிலைதான் நேரா இருக்கே, கட்டை எதுக்குங்க?” நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை நிரப்ப, ஊதிப் பெருகும் ஃபோம் அடிப்போம்; கட்டை இல்லாமல் ஒரு முறை அதை அடித்துக் காட்டினேன். மறுநாள் காலை நடுவில் 5 மி.மீ. உள்ளே பிதுங்கியிருந்தது. “இப்ப தெரியுதா தம்பி?” என்றேன். தெரிந்தது, அவன்தான் அந்த ஃபோமை முழுக்கச் சுரண்டி எடுத்தான்.

தூக்குக்குண்டை இரண்டு முகத்திலும் பிடியுங்கள். சுவர் பக்கமாகச் சாய்வதை எல்லாரும் பார்ப்பார்கள். முன்னும் பின்னும் சாய்வதைப் பார்க்க மறப்பார்கள். முன்பக்கம் சாய்ந்த நிலையில் கதவு தானே திறந்துகொள்ளும். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒத்திருந்தால் நிலை சதுரம்.

ஒவ்வொரு பக்கமும் மூன்று இடத்தில் ராவல் பிளக்கோடு ஸ்க்ரூ. மிகக் கீழே உள்ளது வாசற்கல்லிலிருந்து ஒரு அடிக்கு மேல் இருக்கட்டும். அதற்குக் கீழே தண்ணீர் தெறிக்கும் பகுதியில் துளையே வேண்டாம். துளையைக் காடியின் பள்ளத்தில் போட்டால் கதவு மூடும்போது ஸ்க்ரூத் தலை மறைந்துவிடும். ஸ்க்ரூ போகும் ஒவ்வொரு இடத்திலும் நிலைக்கும் சுவருக்கும் இடையே ஒரு துண்டு அடை வையுங்கள். அடை இல்லாமல் இறுக்கினால் ஸ்க்ரூ நிலையைச் சுவர்ப்பக்கம் இழுத்து வளைத்துவிடும்.

பிறகு ஃபோம். ஆனால் கீழ் ஒரு அடியில் ஃபோம் வேண்டாம். அறுத்த ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஒரு அடிக்குச் சந்தில் சிலிகானையே உள்வரை நிரப்புங்கள். மேலே ஃபோம் காய ஒரு நாள் விட்டு, வெளியே வந்ததைச் சீவிவிட்டு, அப்புறம்தான் குறுக்குக் கட்டையைக் கழற்ற வேண்டும்.

6. நிலைக்காலின் அடி

இதற்கென்று தனியாக ஒரு பகுதி எழுதக் காரணம் என் சொந்தத் தவறு. பத்து வருடத்துக்கு முன் உறவுக்காரர் வீட்டில் மர நிலை போட்டேன். தண்ணீர் போகவே கூடாது என்று நிலைக்காலைச் சுற்றி நாலு பக்கமும் சிலிகான் போட்டு அழகாக மூடினேன். இரண்டு மழைக்காலம் தாண்டியது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே பெயின்ட் துளிகூட உரியவில்லை. எங்கோ ஒரு மயிரிழைச் சந்தில் தண்ணீர் போயிருக்கிறது. வெளியே வர மட்டும் நான் வழி வைக்கவில்லை.

மரம் தண்ணீர் குடிப்பது பக்கவாட்டில் குறைவு, வெட்டுமுனையில் மிக அதிகம். அறுத்த குழாய்க்கட்டுபோல அது மேலே உறிஞ்சும். அதனால் மர நிலைக்காலை அளவுக்கு அறுத்ததும், வெட்டுமுனையில் முதலில் மருந்தைத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்ஸி இரண்டு கோட், பக்கங்களிலும் ஆறு இன்ச் உயரம் வரை. மருந்து ஏற்றிய மரமாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அறுக்கும்போது மருந்து ஏறாத உள்பகுதி வெளியே வந்துவிடுகிறது. அடியில் 3 மி.மீ. உயரத்துக்குப் பிளாஸ்டிக் துண்டு வைத்து வாசற்கல்லில் இருந்து தூக்கி நிறுத்துங்கள். சிலிகானைப் பாத்ரூம் பக்கமும் உள்வாய்ப் பக்கமும் மட்டும் போடுங்கள். படுக்கையறைப் பக்கம் திறந்தே இருக்கட்டும். தப்பிப் போகும் ஈரம் அந்தப் பக்கம் காய்ந்து போகும்.

டபிள்யூபிசிக்கும் எஃப்ஆர்பிக்கும் இந்தக் கவலை இல்லை, சுற்றிலும் மூடலாம். ஆனால் சில டபிள்யூபிசி நிலைகள் உள்ளே காலியாக வரும். அவற்றின் அடிவாயை நிறுத்தும் முன்பே எபாக்ஸி மாவால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரும் பூச்சியும் குடியேறும், வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

7. கதவைத் தொங்கவிடுவது

கதவை வாசற்கல்லின் மேல் 6 மி.மீ. அடை வைத்து நிறுத்துங்கள். பக்கச் சந்துக்கு மைக்கா துண்டு மூன்றை அடுக்கினால் சரியாக 3 மி.மீ. வரும், எந்த ஆசாரியிடமும் கிடைக்கும். எல்லாப் பக்கமும் செருகி, கதவு ஆடாமல் நின்ற பிறகே கீல் குறியுங்கள்.

கீல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 4 இன்ச். காந்தம் இறுக்கமாக ஒட்டினால் அது 304 இல்லை. டபிள்யூபிசிக்கு நான் நான்கு கீல் போடுவேன்: மேலிருந்து 7 இன்ச்சில் ஒன்று, அதற்கு ஒரு அடி கீழே இன்னொன்று, நடுவுக்குச் சற்றுக் கீழே ஒன்று, அடியிலிருந்து 10 இன்ச்சில் கடைசி. கதவின் பாரம் மேல் கீலைத்தான் வெளியே இழுக்கிறது, அதனால் அங்கே இரண்டு. எஃப்ஆர்பிக்கு உள்கட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கீல்.

டபிள்யூபிசியில் 3 மி.மீ. முன்துளை போட்டுவிட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள், கடைசி இரண்டு சுற்று கையால். மெஷினில் முழு வேகத்தில் இறக்கினால் உள்ளே மரை அறுந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும். மரத்தில் தீக்குச்சி செருகிச் சமாளிப்பதுபோல இதில் முடியாது. அப்படி ஆகிவிட்டால் துளையில் எபாக்ஸி நிரப்பி, முழுதாக இறுகிய பிறகு மறுபடி முன்துளை போட வேண்டும்.

மரக் கதவுக்கு ஒரு விஷயம் மட்டும். சித்திரையில் மாட்டும்போது 3 மி.மீ. சந்து தாராளமாகத் தெரியும், ஐப்பசி மழையில் அதே கதவு பிடிக்கும். வெயில் காலத்தில் மாட்டினால் பூட்டுப் பக்கம் 4 மி.மீ. விடுங்கள். கதவின் அடி, மேல் விளிம்பு இரண்டுக்கும் கதவை மாட்டும் முன்பே பெயின்ட் அடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு அடியில் பிரஷ் போகாது. பெயின்டர் அடிவிளிம்பை விட்டுவிட்டுப் போன கதவுகளைத்தான் நான் அதிகம் கழற்றியிருக்கிறேன்.

தாழ்ப்பாளைக் கீழே வைக்காதீர்கள். உப்புப் படிந்து ஒரு வருடத்தில் இறுகிவிடும். இடுப்பு உயரத்தில் ஒன்று போதும்.

8. சிலிகான்

ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அதைத் தள்ளி வையுங்கள். அந்த வகை காயும்போது அமிலம் விடும். சிமென்டில் சரியாக ஒட்டாது, கல்லில் கறை பிடிக்கும், கீலையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள்.

இடம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். டைல்ஸ் போட்டு முடித்த மறுநாளே போட்டால் உள்ளிருந்து வரும் ஈரம் சிலிகானைத் தூக்கிவிடும். ஒரு வாரமாவது விடுங்கள். தூசியைத் துடைத்து, சந்தின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் அடித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு முறை மட்டும் தடவி, காயும் முன் டேப்பை உரியுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. சிலிகான் மேல் பெயின்ட் ஒட்டாது, அதனால் மர நிலை என்றால் பெயின்ட் முதலில், சிலிகான் பிறகு. பழைய சிலிகானின் மேல் புதிய சிலிகானும் ஒட்டாது; பழுது பார்க்கும்போது பிளேடால் முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

9. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

வேலைக்காரர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். கதவை மூடி, படுக்கையறைப் பக்கம் வாசற்கல்லின் ஓரமாகப் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். உள்ளிருந்து ஒரு மக்கில் தண்ணீரை எடுத்துக் கதவின் கீழ்ப்பாதியில் பத்து முறை வீசுங்கள். காகிதம் நடுவில் நனைந்தால் கல்பட்டியோ சரிவோ சரியில்லை. மூலையில் நனைந்தால் நிலைக்கால் அடியில் சிலிகான் விட்டிருக்கிறது. காரிமங்கலத்தில் பூட்டுப் பக்க மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஈரம் வந்தது. கல்பட்டிக்கும் நிலைக்காலுக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து, கண்ணுக்கே தெரியவில்லை. காயவிட்டு அதை மட்டும் அடைத்து மறுநாள் திரும்ப ஊற்றினோம், காகிதம் காய்ந்தே இருந்தது.

10. ஆசிட் விஷயம்

நம் பக்கத்து உப்புத் தண்ணீர் கதவின் அடியிலும் கீலிலும் வெள்ளையாகப் படியும். அதைப் போக்கப் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடுகிறார்கள். ஆசிட் படிந்ததைக் கரைக்கும், கூடவே ஸ்டெயின்லெஸ் கீலிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும், டைல்ஸ் சந்திலுள்ள சிமென்டையும் தின்னும். அதன் புகையே போதும், தெறிக்கவும் வேண்டாம். ‘ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள்’ என்று சண்டைக்கு வந்த வீடுகளில் மூலையில் ஆசிட் பாட்டில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்தி வைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் வெள்ளை போய்விடும். பாத்ரூம் தரையைக் கழுவ ஆசிட் போட்டே தீர வேண்டும் என்றால், கதவை முழுக்கத் திறந்து வைத்து, முடிந்ததும் கீல்களுக்கும் வாசற்கல்லுக்கும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், நிலைக்கால் அடிச் சிலிகானை நகத்தால் நெருடிப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் மழை பிடிக்கும் முன் அந்த அரையடியை மட்டும் சுரண்டிப் புதிதாகப் போட்டுவிடலாம். ஒரு ட்யூபில் பாதிகூட ஆகாது.